மேலிருந்து பார்த்தால் தெரியாத கூடுகள்

கரையில் நின்றுகொண்டு ஒரே ஒரு கருவேல மரத்தில் இருந்த பறவைக் கூடுகளை நான்கு பேர் எண்ணினோம். எல்லாரிடமும் இருநோக்கி இருந்தது, எல்லாருக்கும் பல வருடப் பழக்கம் இருந்தது. ஆனால் ஒருவர் சொன்ன எண்ணுக்கும் இன்னொருவர் சொன்ன எண்ணுக்கும் பத்துக் கூடுகளுக்கு மேல் வித்தியாசம். அது ஒரு மரம்தான். குளத்துக்குள் அதுமாதிரி நூற்றுக்கணக்கான மரங்கள் நிற்கின்றன, அவற்றில் பாதி மற்ற பாதிக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன.

திருநெல்வேலிப் பக்கம் இப்படிப்பட்ட குளங்கள் நிறைய. வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்ததும், தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், இராக்கொக்கு எல்லாம் ஒரே மரத்தில் மேலும் கீழுமாகக் கூடு கட்டும். கூந்தன்குளத்தில் இவை ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கட்டும், அங்கே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே எண்ணிவிடலாம். குளத்துக்குள் இருப்பதுதான் பிரச்சினை. கரையிலிருந்து பார்த்தால் முன்வரிசை மரங்கள் மட்டும் தெரியும், தெப்பத்தில் உள்ளே போனால் பறவைகள் கிளம்பிவிடும்.

அதனால்தான் ட்ரோன் பக்கம் வந்தேன். மேலே ஒரு கேமரா போனால் எல்லா மரமும் தெரியும், நின்று நிதானமாகப் படத்தில் எண்ணிக்கொள்ளலாம் என்ற எண்ணம். இன்றைக்கும் அது தவறான எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் எண்ணி வரும் தொகை எதைக் குறிக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில பருவங்கள் ஆயின, அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சரணாலயமாக அறிவிக்கப்படாத ஒரு ஊர்க் குளம் அது. முதல் பறப்புக்குக் கரையில் மரங்களுக்கு மிக அருகில், வசதியாக நிழல் இருந்த இடத்தில் ட்ரோனை வைத்து நேராக மேலே ஏற்றினேன். மர உச்சியின் மட்டத்தைத் தாண்டும்போதே முன்வரிசையில் இருந்த நத்தை குத்தி நாரைகள் எழுந்துவிட்டன. உடனே இறக்கிவிட்டேன். நாரைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தன. ஆனால் அந்த இடைவெளியில் இரண்டு காகங்கள் கூடுகளுக்குள் இறங்கி ஏறியதைப் பார்த்தேன். என்ன எடுத்தன என்று தெரியவில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, பறவை கூட்டை விட்டு எந்திரிச்சா காக்காய்க்குத்தான் கொண்டாட்டம். இங்க நாங்க கூட்டுக் காலத்துல வெடி போட மாட்டோம், தெரியுமில்ல?" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்கு அதிகமாக உறைத்தது.

கூடு கட்டும் பறவையைத் தொந்தரவு செய்வது என்பதை நாம் பெரும்பாலும் 'பறந்து போச்சா, இல்லையா' என்று மட்டும் பார்க்கிறோம். பறந்து போவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னாலேயே தலை நிமிரும், கழுத்து நீளும், அடைகாத்துக்கொண்டிருந்த பறவை எழுந்து நிற்கும். எழுந்து நின்றாலே முட்டை வெயிலில் படுகிறது. மார்ச் மாதத்து மத்தியான வெயிலில் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, சில நிமிட வெயில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

சில நேரம் வெளியே எதுவுமே தெரியாமலும் இருக்கும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் கருங்கரடிகளுக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவி பொருத்தி, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், முடிவு 2015-இல் வெளியானது. கரடிகள் பெரும்பாலும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, ஆனால் துடிப்பு எகிறியிருந்தது. கரடி வேறு, நாரை வேறுதான். இருந்தாலும் 'அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் பயமில்லை' என்று எழுதும்போது இப்போதெல்லாம் என் கை தயங்குகிறது.

மோசமான எல்லை எதுவரை போகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பகம் சாட்சி. 2021 மே மாதத்தில் அங்கே ஆலா என்னும் கடற்பறவைகள் கூடு வைத்திருந்த மணல் தீவில், யாரோ அனுமதியின்றிப் பறக்கவிட்ட ட்ரோன் ஒன்று விழுந்தது. ஆலாக்கள் கூட்டத்தோடு கிளம்பின, திரும்பவில்லை. மணலில் 1,500-க்கும் மேற்பட்ட முட்டைகள் அநாதையாகக் கிடந்தன. அது கணக்கெடுப்புப் பறப்பு இல்லை. ஆனாலும் இறக்கை முறிந்தோ பேட்டரி தீர்ந்தோ நம் ட்ரோனும் விழலாம். அதனால் கூட்டத்துக்கு நேர் மேலே இருக்கும் நேரத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

என் முதல் தவறுக்கு ஏற்கெனவே பதில் இருந்தது, நான்தான் படிக்காமல் போயிருந்தேன். 2015-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வாத்து, பூநாரை, பச்சைக்கால் உள்ளான் ஆகியவற்றை நோக்கிச் சின்ன ட்ரோன் ஒன்றை 200 தடவைக்கு மேல் வெவ்வேறு கோணத்தில், வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு நிறத்தில் செலுத்திப் பார்த்தார்கள். வேகமும் நிறமும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. கோணம் காட்டியது. தலைக்கு நேர் மேலிருந்து இறங்கி வந்தபோதுதான் பறவைகள் அதிகம் மிரண்டன. பருந்து பாய்வது அந்தத் திசையிலிருந்துதானே. பறவைகளிலிருந்து 100 மீட்டருக்கு அப்பாலிருந்து ட்ரோனைக் கிளப்புங்கள் என்பது அவர்கள் சொன்ன யோசனை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். கலுங்குப் பக்கம், கூட்டத்திலிருந்து 200 மீட்டராவது தள்ளி ட்ரோனைக் கிளப்பி, அங்கேயே முழு உயரத்துக்கும் ஏற்றிவிட்டு, அந்த உயரத்திலேயே கிடையாக வந்து, கோடு கோடாகப் போய், அதே மாதிரி கிடையாகத் திரும்பிப் போய், பழைய இடத்தில் இறக்குவோம். கூட்டத்துக்கு மேலே இருக்கும்போது உயரத்தைக் குறைப்பதே இல்லை, 'இந்த மரத்தை மட்டும் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம்' என்று எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. கரையில் ஒருவர் ட்ரோனைப் பார்க்காமல் தொலைநோக்கியில் குறிப்பிட்ட பத்துக் கூடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பறப்புக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து, பறப்பு முழுக்க, முடிந்து பத்து நிமிடம் வரை, எத்தனை தலை நிமிர்கிறது, எது எழுகிறது என்று நேரத்தோடு எழுதுவார். முன்னால் உள்ள பத்து நிமிடம் முக்கியம். அது இல்லாவிட்டால், செம்பருந்து ஒன்று தற்செயலாகப் போனதால் எழுந்த நாரையையும் ட்ரோன் கணக்கில் எழுதிவிடுவோம். அவர் ஒரு தடவை 'நிறுத்து' என்றால் பறப்பு அதோடு முடிந்தது, பேச்சில்லை.

அப்புறம் பருவத்தில் எந்த வாரம் என்பதும் உண்டு. கூடு கட்டத் தொடங்கி முட்டை இடும் நாட்களில் பறவைக்கு அந்த மரத்தின் மேல் இன்னும் பிடிப்பு வந்திருக்காது, எளிதில் விட்டுப் போய்விடும். குஞ்சுகள் வளர்ந்து கிளையில் தத்தித் தத்தி நடக்கும் காலத்தில் பயந்தால் தண்ணீரில் விழும். நடுவில் உள்ள சில வாரங்கள்தான் நமக்கு. அதிலும் காலையில், வெயில் ஏறுவதற்குள்.

சரி, எவ்வளவு உயரத்தில் பறப்பது?

எல்லாரும் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், அதற்கு ஒரே எண்ணைப் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2016-இல் வெளியான ஒரு ஆய்வில், பல சுழலி கொண்ட ட்ரோன் பறவைகளுக்கு 40 மீட்டர் மேலேயும், இறக்கை வைத்த விமான வகை ட்ரோன் 60 மீட்டர் மேலேயும் பறந்தபோது நீரில் இருந்த வாத்துக் கூட்டங்களில் பெரிய சலனம் இல்லை என்று கண்டார்கள். இது நல்ல தொடக்கப் புள்ளி. ஆனால் அவை நீரில் மேய்ந்துகொண்டிருந்த பறவைகள், கூட்டில் உட்கார்ந்த பறவைகள் அல்ல. அங்கே சொல்லும் 40 மீட்டர் பறவையிலிருந்து அளந்தது, ட்ரோனின் திரையில் தெரியும் உயரமோ கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. கரையில் கிளப்பினால், கரை மட்டத்துக்கு மேல் மர உச்சி 8 மீட்டர் இருந்தால், திரையில் 30 என்று காட்டும்போது உச்சிக் கூட்டில் இருக்கும் நாரைக்கு அது 22 மீட்டர்தான். இந்த 8 மீட்டர் படத்தையும் கெடுக்கும். எப்படி என்று பார்ப்போம்.

நாங்கள் வைத்திருக்கும் கேமரா வகையில் சென்சாரின் அகலம் 13.2 மில்லிமீட்டர், நீளவாக்கில் 8.8, லென்ஸின் குவியத் தூரமும் 8.8. அதாவது 30 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு படம் 45 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் உள்ள தரையைப் பிடிக்கும். அந்த 45 மீட்டர் 5,472 பிக்சலில் பரவுவதால் ஒரு பிக்சல் என்பது 0.82 சென்டிமீட்டர். 60 மீட்டரில் 1.64, 120 மீட்டரில் 3.29. படங்களை ஒட்டி ஒரே பெரிய படமாக்க வேண்டுமானால் அடுத்தடுத்த படங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும், வழக்கமாக முன்பின்னாக 80 சதவீதம் வைப்போம். 30 மீட்டரில் அது 6 மீட்டருக்கு ஒரு படம். ஆனால் மர உச்சி 22 மீட்டர் தூரத்தில் இருப்பதால் அங்கே ஒரு படத்தின் நீளம் 22 மீட்டர்தான். எனவே படிவு 80 இல்லை, 73 சதவீதம். பக்கவாட்டில் 70 என்று வைத்தது உச்சியில் 59 ஆகிவிடும். கூடுகள் இருப்பதோ உச்சியில். அதோடு, தாழப் பறந்தால் ஒரே கிளை அடுத்தடுத்த இரண்டு படங்களில் முற்றிலும் வேறு கோணத்தில் தெரியும். காற்றில் இலை ஆடும், கீழே தண்ணீரில் பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமும் இருக்காது. ஒட்டும் மென்பொருள் திணறி, பாதி நாரை, இரட்டைக் கூடு, தலையில்லாத கூழைக்கடா என்று கொடுக்கும். முதல் பருவத்தில் 30 மீட்டரில் எடுத்த படங்களில் ஒரு மூலையே இப்படிக் குழம்பிப் போய், அதை எண்ணவே முடியவில்லை.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. 200 மீட்டருக்கு 200 மீட்டர் உள்ள ஒரு மரக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டரில் கோடுகளுக்கு நடுவே 27 மீட்டர் விட்டால் எட்டொன்பது கோடுகள் போதும், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். 30 மீட்டரில் கோடுகள் இரட்டிப்பாகும். 6 மீட்டருக்கு ஒரு படம் எடுக்கக் கேமராவுக்கு அவகாசம் வேண்டுமென்று வேகத்தையும் நொடிக்கு 3 மீட்டராகக் குறைக்க வேண்டும், அப்போது பதினெட்டு நிமிடம் ஆகும். பறவைகளுக்குப் பாதி தூரத்தில், மூன்று மடங்கு நேரம். தாழப் போனால் தெளிவு கூடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தெளிவு நமக்கு வேண்டுமா?

வேண்டுமா என்பது எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. 60 மீட்டரில் பறந்தால் உச்சிக் கூடு 52 மீட்டர் தூரத்தில் இருக்கும், அங்கே பிக்சல் 1.4 சென்டிமீட்டர். அடைகாக்கும் மஞ்சள் மூக்கு நாரை மேலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், ஆகவே படத்தில் நாற்பதுக்கு இருபது பிக்சல். அந்த அளவில் அதன் இறக்கைக் கறுப்பும், முதுகுக் கடைசியில் உள்ள இளஞ்சிவப்பும் தெரியும், நத்தை குத்தியிலிருந்து பிரித்துவிடலாம். 120 மீட்டரில் அதே பறவை இருபதுக்குப் பத்து பிக்சல். பறவை என்று தெரியும், எந்த நாரை என்று அடித்துச் சொல்ல முடியாது. சின்ன நீர்க்காகம் அந்த உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு, கருவேலங்கிளையின் நிழலும் கறுப்புக் கோடுதான். கூட்டுக்குள் எத்தனை முட்டை என்று பார்க்க வேண்டுமானால், 7 சென்டிமீட்டர் முட்டைக்கு 30 மீட்டரில் பறந்தால்கூட ஏறக்குறைய பன்னிரண்டு பிக்சல்தான் கிடைக்கும், அதுவும் தாய்ப்பறவை எழுந்து நின்றால் மட்டும். முட்டையை எண்ணப் பறவையை எழுப்பும் வேலையை நான் செய்ய மாட்டேன். ஆகவே எங்கள் குளத்துக்கு 60 மீட்டர். இன்னொரு குளத்தில் இது வேறாக இருக்கலாம். முதல் நாள் 100 மீட்டரில் ஆரம்பித்து, கரையில் இருப்பவரின் குறிப்பைப் பார்த்துப் பத்துப் பத்து மீட்டராகக் குறைத்து, முதல் தலை நிமிர்வு தெரிந்த உயரத்துக்கு மேலேயே நின்றுவிடுவதுதான் நான் நம்பும் வழி.

இனி எண்ணுவது.

ட்ரோன் எண்ணிக்கை மனிதர் கண்ணால் எண்ணுவதைவிடச் சரியானது என்று சொல்பவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டுவது 2018-இல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வை. அழகான சோதனை அது. அடிலெய்டு அருகே ஒரு கடற்கரையில் பிளாஸ்டிக் வாத்துகளை ஆலாக் கூட்டம் போலப் பரப்பினார்கள். 10 கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 463-இலிருந்து 1,017 வரை வாத்துகள். எத்தனை என்று வைத்தவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். பழக்கப்பட்ட பறவை நோக்கர்களைத் தரையில் நின்று எண்ணச் சொன்னார்கள். இன்னொரு பக்கம் 30, 60, 90, 120 மீட்டர் உயரங்களில் எடுத்த படங்களில் வேறு ஆட்களை எண்ணச் சொன்னார்கள். ட்ரோன் படங்களில் எண்ணியது தரையில் எண்ணியதைவிட 43 முதல் 96 சதவீதம் வரை கூடுதல் சரியாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். உண்மையான எண்ணிக்கை தெரிந்த கூட்டத்தில் சோதித்துப் பார்த்ததுதான் இதன் பலம், காட்டில் நமக்கு அது ஒருபோதும் கிடைக்காது. ஆனால் அந்தக் கடற்கரையை மறுபடி கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். தட்டையான மணல், ஒரே வகைப் பறவை, எதுவும் அசையாது, எதற்கு மேலும் ஒரு இலைகூட இல்லை. நம் கருவேல மரத்துக்கும் அதற்கும் நடுவில்தான் எல்லாப் பிழையும் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் லாக்லன் ஆற்றுச் சதுப்பில் 2016 வெள்ளத்தின்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரிவாள் மூக்கன் கூடுகளை ட்ரோன் படங்களைக் கொண்டு கணக்கிட முடிந்தது. அங்கே பறவைகள் புதர்களை மிதித்துத் தட்டையாக்கி அதன் மேல் கூடு வைக்கின்றன, வானம் பார்த்த கூடு. மணலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிற நிலைமை.

எங்கள் படங்களில் வரும் பிழைகளை இரண்டாகப் பிரித்துத்தான் என்னால் யோசிக்க முடிகிறது. படத்தில் இருந்தும் தவறாக எண்ணுவது ஒன்று. படத்திலேயே இல்லாதது இன்னொன்று.

முதல் வகையில் எங்களை அதிகம் ஏமாற்றியது எச்சம். கூட்டம் வந்து சில வாரங்களில் இலையும் கிளையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வெண்கொக்கு ஒரு வெள்ளைத் திட்டு, எச்சம் படிந்த கிளைக்கவையும் ஒரு வெள்ளைத் திட்டு. கேமராவின் ஒளியளவைத் தானியங்கியில் விட்டால் இருண்ட இலைகளுக்கு ஏற்ப அது ஒளியைக் கூட்டி, வெள்ளைப் பறவையின் மேல் ஒரு விவரமும் இல்லாமல் வெளுக்க வைத்துவிடும். இப்போது ஒளியைக் கொஞ்சம் குறைத்தே வைக்கிறோம், காலைச் சாய்வெயிலில் பறக்கிறோம். சாய்வெயிலில் பறவைக்கு நிழல் விழும், எச்சத்துக்கு விழாது. இந்த ஒரே மாற்றத்தில் சந்தேகக் குறிகள் பாதிக்கு மேல் போய்விட்டன.

அடுத்தது, பறவை வேறு, கூடு வேறு. படத்தில் தெரியும் ஒவ்வொரு நாரையும் ஒரு கூடு இல்லை. இணை இரண்டும் ஒரே கூட்டில் நிற்கலாம், கூடு வைக்காத இளம்பறவை பக்கத்துக் கிளையில் ஓய்வெடுக்கலாம். எனவே குச்சிமேடை தெரிந்து, அதன் மேல் பறவையோ குஞ்சோ இருந்தால் மட்டும் 'குடியுள்ள கூடு' என்று புள்ளி வைக்கிறோம், மற்றவை தனிப் பத்தியில். ஒட்டிய பெரிய படத்தை வைத்து மரங்களுக்கு எண் கொடுத்துவிட்டு, உண்மையான எண்ணிக்கையை ஒட்டாத மூலப் படங்களில்தான் செய்கிறோம், ஒரு மரத்துக்கு ஒரு படம் என்று. வேலை கூடும், பாதி நாரைத் தொல்லை இருக்காது.

இருவர் தனித்தனியாக, ஒருவர் புள்ளியை மற்றவர் பார்க்காமல் எண்ணுவது அவசியம். ஏனென்றால் அதிலிருந்து இருவருமே விட்டது எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடலாம். கணக்கு புரிவதற்காக வட்டமாக ஒரு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். முதலாமவர் 412 கூடு குறித்தார், இரண்டாமவர் 398, இருவரும் குறித்தவை 371 என்று வைத்துக்கொள்வோம். இவற்றை வரிசையாக n1, n2, m என்று எழுதினால், மொத்தக் கூடுகளின் மதிப்பீடு N இப்படி வரும்.

```
N = (n1 × n2) / m
N = (412 × 398) / 371 = 442
```

இருவரில் ஒருவராவது குறித்தவை 439. ஆக இருவர் கண்ணிலும் படாதவை ஒரு மூன்று. பார்க்க எவ்வளவு நிம்மதியான எண்! இந்த நிம்மதியில்தான் நானும் ஒரு பருவம் முழுக்க இருந்தேன்.

ஏனென்றால் இந்தக் கணக்கு, படத்தில் தெரியக்கூடிய கூடுகளுக்கு மட்டும்தான். கருவேல மரத்தில் பறவைகள் மாடி மாடியாக வசிக்கின்றன. மேல்தட்டில் கூழைக்கடாவும் நாரையும், அதற்குக் கீழே அரிவாள் மூக்கனும் கொக்கும், இலைக்குள்ளே நீர்க்காகம், இன்னும் உள்ளே, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, இராக்கொக்கும் குருட்டுக் கொக்கும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மேல்மாடி முழுக்கத் தெரியும், கீழ்மாடி தெரியாது. இரண்டு பேர் இல்லை, இருபது பேர் எண்ணினாலும் இலைக்குக் கீழே உள்ள இராக்கொக்கு யார் புள்ளியிலும் வராது. இருவர் கணக்கு எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு தைரியமாக நாம் தவறான எண்ணைச் சொல்வோம்.

இதைக் கண்டுபிடித்தது சாயங்காலத்தில். இருட்டத் தொடங்கும்போது இராக்கொக்குகள் குரல் கொடுத்துக்கொண்டு இரைக்குக் கிளம்பின. ட்ரோன் படத்தில் நாங்கள் மொத்தமாகக் கண்ட இராக்கொக்குகளைவிட அதிகமான பறவைகள் ஒரு சிறு மரத்திட்டிலிருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தன. கரையில் நின்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்த்துக்கொண்டது மாதிரி மரங்கள். கரையிலிருந்து அடிவரை நன்றாகத் தெரியும் மரங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் ஒவ்வொரு கூட்டையும் தரையிலிருந்து, இரண்டு மூன்று கோணங்களில் நின்று, மரத்தை வரைந்து அதில் குறிக்கிறோம். அதே மரங்களை அதே காலையில் எடுத்த ட்ரோன் படத்தில் பார்த்து, குறித்த கூடுகளில் எத்தனை மேலிருந்தும் தெரிகின்றன என்று இனம்வாரியாக எண்ணுகிறோம். இதுவும் எடுத்துக்காட்டு எண்தான்: மாதிரி மரங்களில் 150 நாரைக் கூடுகளில் 144 மேலிருந்து தெரிந்தால் விகிதம் 0.96. 90 இராக்கொக்குக் கூடுகளில் 36 தெரிந்தால் 0.4. குளம் முழுக்கப் படத்தில் 500 நாரைக் கூடு எண்ணினால் 500-ஐ 0.96-ஆல் வகுத்து ஏறக்குறைய 521. இராக்கொக்கு 200 எண்ணினால் 0.4-ஆல் வகுத்து 500.

நாரைக்கு இந்தத் திருத்தம் சின்னது, நம்பலாம். இராக்கொக்குக்கு எண்ணியதைவிடத் திருத்தம் பெரிதாக இருக்கிறது. அந்த 0.4 என்பது 90 கூடுகளிலிருந்து வந்தது. அதன் உண்மை மதிப்பு 0.3 முதல் 0.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 0.5 என்றால் 400 கூடு, 0.3 என்றால் 667. அதுவும், கரையிலிருந்து தெரியும் மரங்கள் குளத்தின் நடுவில் உள்ள மரங்களைப் போலவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால்தான். நடுவில் மரங்கள் அடர்த்தி, அங்கே இன்னும் குறைவாகவே தெரியும் என்று நினைக்கிறேன். எனவே இராக்கொக்குக்கு ட்ரோனை நம்புவதை விட்டுவிட்டோம். சாயங்காலம் குளத்தைச் சுற்றி நான்கு இடங்களில் ஆள் நின்று, கிளம்பிப் போகும் பறவைகளை எண்ணுகிறோம். அது கூட்டு எண்ணிக்கை ஆகாது, ஆனால் வருடத்துக்கு வருடம் ஒரே மாதிரி செய்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்றாவது தெரியும்.

சாய்வாகப் படம் எடுத்தால் கீழ்மாடியும் தெரியாதா என்று சிலர் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தோம். ஓரத்து மரங்களில் உதவுகிறது. உள்ளே உள்ளவற்றில் ஒரு மரம் இன்னொன்றை மறைக்கிறது, கரையில் நின்று பட்ட அதே பாடு, கொஞ்சம் உயரத்தில்.

இன்னொரு பிழை காலத்தில் இருக்கிறது. எல்லாப் பறவையும் ஒரே வாரத்தில் கூடு வைப்பதில்லை. ஒரு கூட்டில் குஞ்சு சிறகடிக்கும்போது பக்கத்துக் கிளையில் இன்னொரு இணை குச்சி சேர்த்துக்கொண்டிருக்கும். ஒரே நாள் பறந்தால் கிடைப்பது அன்றைய கூடுகள், பருவத்தின் கூடுகள் அல்ல. மரங்கள் நகராது என்பதால் முந்தைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிளையின் வடிவத்தை அடையாளமாக வைத்து, எது பழைய கூடு, எது புதிது என்று பார்க்க முடிகிறது. ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்பதால் ஆயத்தொலைவை நம்பிச் செய்ய முடியாது, கண்ணால்தான் ஒப்பிட வேண்டும். பருவத்துக்கு மூன்று தடவைக்கு மேல் பறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், நான்காவது பறப்பில் கிடைக்கும் தகவல் அந்தத் தொந்தரவுக்கு ஈடாகாது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளங்களில் இதையெல்லாம் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் யாரும் செய்யக் கூடாது, அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் விடுமுறை நாட்களில் குளத்துக்கு மேல் சுற்றும் ட்ரோன்களைப் பார்த்தபின் சொல்லிவிடுகிறேன்.

போன பருவம் முடிவில் எங்களிடம் 'மொத்தம் எத்தனை கூடு, ஒரே எண்ணாகக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். படிவத்தில் ஒரே கட்டம்தான் இருந்தது. அந்தக் கட்டத்தில் 'இணைப்பைப் பார்க்க' என்று எழுதிவிட்டு, இணைப்பில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடாவுக்குத் திருத்திய எண்ணும், அரிவாள் மூக்கனுக்கும் நீர்க்காகத்துக்கும் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்ற இரண்டு எண்ணும், இராக்கொக்குக்கு சாயங்காலம் கிளம்பிய பறவைகளின் எண்ணிக்கையும் தனித்தனியாக எழுதினோம். கூடவே பறந்த தேதிகள், மர உச்சியிலிருந்து அளந்த உயரம், கரையில் இருந்தவரின் குறிப்பேட்டு நகல், மாதிரி மரங்களின் படம். படிவத்தை வாங்கியவர் ஒரு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் இதே மரங்களைத்தானே மாதிரிக்கு எடுப்பீர்கள் என்று கேட்டார். அதே மரங்கள்தான் என்றேன், அவற்றில் ஒன்று ஆடிக் காற்றில் சாய்ந்துவிடும் போல இருக்கிறது என்பதையும் சொன்னேன்.